கண் வைத்த சுவர்

அந்த ஸ்டூடியோவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாஸ்க் அக்கா. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாள் அவள் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள், மாஸ்க்கைக் காணோமே என்று. அப்புறம் யாராவது விளக்குவார்கள். சினிமாவில் ஓர் ஆளை மட்டும் பின்னணியிலிருந்து பிரிக்க வேண்டுமென்றால், அந்த ஆளைச் சுற்றி ஃப்ரேம் ஃப்ரேமாகக் கோடு வரைய வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருப்பது தனி, வெளியே இருப்பது தனி. அந்தப் பிரிவினைக்குத்தான் மாஸ்க் என்று பெயர். பாதி வாழ்க்கை அதிலேயே போய்விட்டது அவளுக்கு. எத்தனையோ கதாநாயகர்களின் காது மடலையும், காற்றில் பறக்கும் எத்தனையோ கதாநாயகிகளின் முடியையும் அங்குலம் அங்குலமாகச் சுற்றி வந்திருக்கிறாள். தெருவில் எதிரே வந்தால் அவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. அதில் அவளுக்கு வருத்தம் என்று சொல்ல முடியாது. பழகிவிட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். இரண்டும் ஒன்றில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

வீட்டில் அவள் ஒருத்திதான். மூன்றாவது மாடி, ஒற்றைப் படுக்கையறை, இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள் உட்காருவாள், இன்னொன்றில் மடிக்காத துணி உட்கார்ந்திருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் "மாஸ்க் போடறதுக்குள்ள ஆளு நகர்ந்துட்டாங்க" என்று சிரித்துவிட்டுப் போவாள். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவள்தான். அம்மா போன பிறகு, பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத வீட்டில் என்ன செய்வதென்று அவளுக்கு வெகுகாலம் பிடிபடவில்லை. ஒரு தம்பி உண்டு, வேறு ஊரில். அவனைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இந்தக் கதை ஆரம்பித்தது ஒரு இயக்குநரால். முதல் படம் எடுக்கிறவர், தலைநிறையக் கனவு, கைநிறையப் பேனா. அவர் படத்தில் ஒரு காட்சி: கதாநாயகனுக்குத் தன் சின்ன வயது வீடு நினைவுக்கு வருகிறது. ஒரு கூடம். அவன் அம்மா கதவைத் திறந்துகொண்டு வருகிறாள், கூடத்தைக் கடக்கிறாள், ஜன்னலோரம் உட்காருகிறாள். அவ்வளவுதான். ஆனால் காட்சி முழுக்க ஆயில் பெயின்ட்டிங் மாதிரி இருக்க வேண்டும் என்றார். சுவர், தரை, அம்மா, வெளிச்சம் எல்லாமே தூரிகையால் தீட்டியதுபோல் நகர வேண்டும்.

ஒவ்வொரு ஃப்ரேமாக ஆள் வைத்துத் தீட்டினால் படம் வெளிவரும்போது இயக்குநர் தாத்தாவாகியிருப்பார். அதனால் ஸ்டைல் ட்ரான்ஸ்ஃபர். ஒரு ஓவியத்தின் போட்டோவை மெஷினுக்குக் கொடுத்து, "இந்தத் தீற்றல், இந்த வண்ணம், இந்தக் கனம், இதையெல்லாம் இந்தக் காட்சிமேல் ஏற்று" என்று சொல்வது. ஸ்டூடியோ பாஷையில் "ஸ்டைல் ஏத்தறது". அதற்கென்று ஒருத்தி இருந்தாள். மாடல் எனப்படும் அந்தப் படம் தீட்டும் நிரல்களை ஓட்டுகிறவள் என்பதால் எல்லோரும் அவளை மாடல் என்றே கூப்பிட்டார்கள். "நான் மாடல், அக்கா மாஸ்க். மொத்தத்துல அழகு நிலையம்" என்பாள். அக்காவின் பக்கத்து இருக்கை அவளுடையது. அக்கா ஒரு நாளில் பேசும் பேச்சில் முக்கால்வாசி அவளிடம்தான்.

முதல் முயற்சிக்கு, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கிற ஓவியங்களில் ஒன்றை எடுத்தார்கள். பாறையில் அலை மோதும் படம். ஃப்ரேம் ஃப்ரேமாக ஸ்டைல் ஏற்றி ஓட்டிப் பார்த்தால் கூடம் உலைபோலக் கொதித்தது. அது இந்தத் தொழிலின் பழைய வியாதி. மெஷின் ஒவ்வொரு ஃப்ரேமையும் புதிதாகத் தீட்டுகிறது. போன ஃப்ரேமில் தீற்றலை எங்கே வைத்தோம் என்று அதற்கு ஞாபகம் இல்லை. அசையாத சுவர்கூடத் துடித்துக்கொண்டே இருக்கும்.

மாடல் அதற்கு மருந்து வைத்திருந்தாள். ஒரு ஃப்ரேமிலிருந்து அடுத்த ஃப்ரேமுக்கு எது எங்கே நகர்கிறது என்று கணக்கெடுத்து, போன ஃப்ரேமில் பூசிய பெயின்ட்டையே அந்த நகர்வோடு இழுத்துக்கொண்டு போவது. அம்மா நகர்ந்ததால் புதிதாகத் தெரியும் சுவர்த் துண்டை மட்டும் புதிதாகத் தீட்டுவது. அளவு கூடிப்போனால் பெயின்ட் வழிந்து, நடக்கிறவள் பின்னால் ஆவிபோல இழுபடும். குறைந்துபோனால் மறுபடி கொதிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் உண்டு. அதைப் பிடித்துவிட்டாள்.

அக்காவின் பங்கு, நடிகையின் முகத்துக்கு மாஸ்க். முகத்திலும் ஸ்டைலை முழு வீச்சில் ஏற்றினால் கனமான தீற்றல் மூக்கையும் வாயையும் விழுங்கிவிடும், அப்புறம் நடிப்பாவது ஒன்றாவது. அதனால் முகத்தைக் கோடு கட்டிப் பிரித்து, அங்கே மட்டும் வீச்சைக் குறைப்பார்கள்.

எல்லாம் சரியாக வந்தும் இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

"அழகா இருக்கு. ஆனா கடல் மாதிரி இருக்கு. சுவரு கடல், தரை கடல், அம்மாவே கடல். வீட்டுக்குள்ள இருந்து ஒரு ஆளு போட்ட பெயின்ட்டிங் மாதிரி வேணும். முட்டையை முழுசா கலக்காம ஊத்தின மாதிரி ஒரு பூச்சு இருக்குமே, அது."

அவர் போன பிறகு மாடல் கேட்டாள்: "முட்டையை ஏன்க்கா இதுல இழுக்கறாரு?"

அவர் சொன்னது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அப்படி ஒரு பூச்சு அவள் வீட்டுச் சுவரிலேயே மாட்டியிருந்தது.

இப்போது தம்பியைச் சொல்லலாம். அவனுக்கு ஓவியம் என்றால் உயிர். கல்லூரியில் அதையே படித்தான். படிக்கிற காலத்தில் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் பச்சைத் திரையைத் தொங்கவிட்டு, ஆயிலில் ஒரு படம் போட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உட்கார வைத்துவிடுவான். "அசையாதே" என்பான். அவள் அசையாமல் பேசுவாள், அவன் பேசாமல் தீட்டுவான். பெயின்ட்டைக் கரைக்கும் டர்பன்டைனின் நாற்றம் தாங்காமல் அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தன்னை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததுபோல், அதற்கு முன்பும் சரி பின்பும் சரி, யாரும் அவளைப் பார்த்ததில்லை.

பிறகு தம்பி ஓவியத்தை விட்டான். சுவர் பெயின்ட் விற்கும் கம்பெனியில் வேலை, இப்போது அங்கே மேலாளர். அவன் பெயின்ட்டை விட்டாலும் பெயின்ட் அவனை விடவில்லை என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை இருந்தாலாவது சமாதானத்துக்கு ஒரு வழி இருந்திருக்கும். அம்மா இருந்தவரை அம்மாவைக் கேட்கப் போன் செய்தான். அம்மா போன பிறகு வாரம் மாதமாயிற்று, மாதம் பிறந்தநாளாயிற்று. அவன் பிறந்தநாளுக்கு இவள் நாலு வரி அனுப்புவாள். அவன் ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவான். அந்தக் கட்டை விரலைத்தான் உறவென்று வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்தப் படத்தைப் படுக்கை விரிப்பில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். ஆயில் பெயின்ட் பளபளக்கும், நேராக வெளிச்சம் போட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். இரண்டு பக்கமும் சரிவாக விளக்கு வைத்து, தீற்றலின் மேடு பள்ளம்கூடத் தெரிகிறமாதிரி போட்டோ எடுத்தார்கள்.

மாடல் படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, இது நீங்களா? இவ்வளவு நாளா எங்ககிட்ட மறைச்சு வச்சிருந்தீங்களே!"

"அப்ப இருந்தவ அவ. வேற ஆளு."

"அதே மூக்குதான்க்கா."

"மூக்கு எங்க போகும்? சரி, வேலையைப் பாரு."

ஒரு ஃப்ரேமில் ஸ்டைலை ஏற்றினார்கள். வந்து விழுந்ததைப் பார்க்க இரண்டு பேரும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். சுவரில் கனமான பச்சை, அதன்மேல் முழுக்கக் கலக்காத மஞ்சள், தரையில் பழுப்பு திரண்டு நின்றது. அவசரத்தில் வைத்ததுபோல் இருந்தாலும் சரியாக வைத்த தீற்றல்கள். அந்தக் கூடத்தில் யாரோ வாழ்ந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அக்கா திரைக்கு அருகே குனிந்தாள். தம்பியின் கை அது. மணிக்கட்டைத் திருப்பித் தீற்றலை முடிக்கும் பழக்கம் அவனுக்கு உண்டு. அந்தத் திருப்பம் சுவர் முழுக்க இருந்தது.

காட்சி முழுவதையும் ஓட்டப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோது இயக்குநர் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆசை தாங்காமல் பார்க்க வந்துவிட்டாராம். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"எல்லாம் பிரமாதம். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. என் சீன்ல யாரு ஒளிஞ்சிருந்து பாக்கறது?"

பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள். சுவரில் இருந்த சுவிட்ச், கண்ணாகியிருந்தது. கதவின் கைப்பிடி ஒரு கண். கடிகாரத்தின் நடுவே ஒரு கண், இமையோடு. அலமாரியில் அடுக்கியிருந்த பாத்திரங்களின் வாய் ஒவ்வொன்றிலும் அரைகுறையாக ஒரு கண். அம்மா கதவைத் திறந்து உள்ளே வர வர, கூடமே அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. எல்லாம் ஒரே கண். மாஸ்க் அக்காவின் கண்.

மாடல்தான் முதலில் சிரித்தாள். "அக்கா, கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. படத்துக்கே கண்ணு வச்சுட்டீங்களே!"

இயக்குநரும் சிரித்துவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தில் ரத்தம் ஏறி நின்றது. ஊரில் உள்ளவர்கள் முகத்தையெல்லாம் கோடு கட்டிக் காப்பாற்றுகிறவள், தன் முகத்தை அப்படியே மெஷினுக்குள் தூக்கிப் போட்டிருக்கிறாள். வேறு யாராவது செய்திருந்தால் "கண்ணு எங்க போச்சு உனக்கு?" என்று கேட்டிருப்பாள்.

இயக்குநருக்கு மாடல் விளக்கினாள். "மெஷினுக்குக் கண்ணுன்னா என்னன்னு தெரியாது சார். அதுக்கு எல்லாமே பெயின்ட்தான். வெளிச்சத்துக்கு நடுவுல கருப்பா, வட்டமா ஒண்ணு இருந்தா, ஸ்டைல் படத்துல அதே மாதிரி எங்க இருக்குன்னு தேடும். இந்தப் படத்துல அப்படி இருக்கறது அக்காவோட கண்ணு மட்டும்தான். எடுத்து வச்சிருச்சு."

"அப்ப இந்தப் படம் ஆகாதா?"

"ஆகும்" என்றாள் அக்கா. குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்தது. "முகத்தை எடுத்துட்டா ஆகும்."

மதியம் முழுக்க அந்த வேலை. தம்பி தீட்டிய கண்ணைத் திரையில் பெரிதாக்கி, அதைச் சுற்றிப் புள்ளி வைத்துப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள். எத்தனையோ கண்களைச் சுற்றியிருக்கிறாள், தன் கண்ணைச் சுற்றுவது இதுவே முதல் தடவை. அவ்வளவு பெரிதாக அவள் அதைப் பார்த்ததும் இல்லை. தூரத்திலிருந்து கறுப்பாகத் தெரிந்த இடத்தில் நீலம், சிவப்பு, ஒரு துளி பச்சைகூட இருந்தது. இடது கண்ணில் மட்டும் ஜன்னல் வெளிச்சம் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டாக நின்றது. அந்த வெள்ளைக்கு அடியில் பழைய வெள்ளை ஒன்று. ஒருமுறை வைத்து, சரியில்லையென்று சுரண்டி, மறுபடி வைத்திருக்கிறான். இத்தனை வருஷம் சுவரில் தொங்கியும் அவள் அதைக் கவனித்ததில்லை.

முதலில் முகத்தையும் கழுத்தையும் முழுதாக வெட்டிப் பார்த்தாள். கண்கள் போயின, ஆனால் தோலின் நிறமும் போயிற்று. தோலுக்கென்று எடுக்க நிறம் இல்லாமல், பின்னால் தொங்கிய திரைச்சீலையின் பச்சையை மெஷின் எடுத்துவிட, நடிகையின் கை முழுக்கப் பாசி பிடித்ததுபோல் ஆகிவிட்டது. அதனால் நெற்றியையும் கன்னத்தையும் கழுத்தையும் விட்டுவைத்து, கண், மூக்கு, வாய் மூன்றை மட்டும் வெட்டினாள். போட்டோவில் அந்த இடங்கள் வெறுமையாக நின்றன. நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அசையாமல் இருக்கிறாள், ஆனால் யாரென்று சொல்ல முடியாது.

"பாக்க ஒரு மாதிரியா இருக்குக்கா" என்றாள் மாடல்.

"எனக்கென்ன? கண்ணாடி முன்னாடியா நிக்கப் போறேன்? ஓட்டு."

ஓடியது. சுவிட்ச் சுவிட்சாக இருந்தது, கைப்பிடி கைப்பிடியாக இருந்தது. அம்மா கதவைத் திறந்து வந்தாள், பச்சையும் பழுப்புமாக ஒரு வீடு அவளைச் சுற்றி மெல்ல மூச்சு விட்டது, ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். இயக்குநர் மறுபடி போடச் சொன்னார். அப்புறம் மறுபடி. கடைசியில் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் படம் எடுக்கிறவர்களுக்கு இன்னும் அந்த வழக்கம் இருக்கிறது.

"இதுதான். யாரு போட்ட பெயின்ட்டிங் இது?"

"என் தம்பி."

அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லி ரொம்பக் காலமாகியிருந்தது. இயக்குநர் போன பிறகும் அவள் உதடு அதையே ஒருமுறை சொல்லிப் பார்த்தது. மாடல் கவனிக்கவில்லை.

கிணறு வெட்டினால் பூதம் கிளம்பாமல் இருக்குமா? அன்று சாயங்காலமே தயாரிப்பு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார். சட்ட விஷயங்களைப் பார்க்கிறவர், சிரிக்கச் சம்பளம் தருவதில்லை போலிருக்கிறது.

"அந்த ஓவியம் யாரோடது?"

"என்னோடது. எங்க வீட்டுல இருக்கு."

"வீட்டுல யார் வேணா வச்சிருக்கலாம்மா. வரைஞ்சது யாரு? அவரு எழுத்துல சம்மதம் தரணும். இல்லன்னா அந்த ஸ்டைலை எடுத்துட்டு, பழைய கடல் படத்தையே போட்டுருங்க. இந்த வாரத்துக்குள்ள சொல்லுங்க."

மாடல் கொதித்துப் போனாள். "இவ்வளவு பாடுபட்டதுக்கு அப்புறம் மறுபடி கடலா? உங்க தம்பிதானேக்கா, ஒரு போன் போட்டா முடிஞ்சது!"

ஒரு போன்! மாடலுக்கு நாலு அண்ணன் தம்பி. வீட்டுக்குப் போனால் குளியலறைக்குச் சண்டை. அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அக்காவுக்கு அந்த அம்மாள்மேல் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் நன்றியாகக்கூட இருந்தது. சும்மா கூப்பிட்டால் "என்ன விஷயம்க்கா?" என்று கேட்பான். விஷயம் ஒன்றுமில்லை என்று ஓர் அக்கா எத்தனை தடவை சொல்ல முடியும்? இப்போது விஷயம் இருக்கிறது. அதுவும் அவன் மறுக்க முடியாத விஷயம், அவனுடைய கை. பேச்சு அங்கே ஆரம்பித்தால் டர்பன்டைனுக்குப் போகும், அம்மாவின் கத்தலுக்குப் போகும், அப்படியே "நீ எப்படி இருக்கே?" என்ற இடத்துக்கும் வந்து சேரும். அந்த ஒரு கேள்விதான் அவளுக்கு வேண்டியிருந்தது. சம்மதம் சினிமாக்காரர்களுக்கு. கேள்வி அவளுக்கு.

அன்று இரவு வீட்டில் துணியை மடித்துக்கொண்டே என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். "நல்லா இருக்கேன்" என்று உடனே சொல்லிவிடக் கூடாது. "முட்டி கொஞ்சம் வலிக்குது" என்று தொடங்கலாம். "சாயங்காலமானா வீடு சத்தமே இல்லாம இருக்குடா" என்பதைக் கடைசியில், சாதாரணமாகச் சொல்வதுபோல் சொல்லலாம்.

மறுநாள் மதிய இடைவேளையில் மாடிப்படி வளைவில் நின்று கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அக்கா? என்னக்கா, உடம்பு ஏதாவது..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடா. ஒரு விஷயம்."

சொன்னாள். இயக்குநர், கூடம், கடல், முட்டை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தான். பின்னால் யாரோ ஷேட் அட்டை கேட்கும் சத்தம் வந்தது.

"எந்தப் படம்க்கா? பச்சைத் திரை போட்டு உன்னை உக்கார வச்சேனே, அதுவா?"

"அதேதான்!"

"அடடா. அது இன்னும் இருக்கா?"

"இல்லாம எங்க போகும்? சுவத்துலதான் இருக்கு."

"காட்சியை அனுப்பு, பாக்கறேன்" என்றான். அனுப்பினாள். படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தாள். அவனே திரும்பக் கூப்பிட்டான். குரல் மாறியிருந்தது, பழைய ஞாயிற்றுக்கிழமைக் குரல்.

"அக்கா! என் கைதான்க்கா இது! எப்படி நகருது பாரு! சுவத்துல அந்த மஞ்சளை நான் கலக்காமலே விட்டேன், ஞாபகம் இருக்கா? பொறுமை இல்லாம பூசினது. திரை, சுவரு எல்லாம் ஒரே மத்தியானத்துல இழுத்து விட்டது." காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தான் போலிருக்கிறது. "ஆனா அந்தப் படத்துல நான் நிஜமா வேலை பார்த்தது முகத்துலதான். கண்ணு வரவே இல்ல, சுரண்டிச் சுரண்டி வச்சேன். அது எங்கயும் தெரியலையே?"

"முகத்தை வெட்டிட்டோம்டா."

"வெட்டிட்டியா? ஏன்?"

சுவிட்சும் கைப்பிடியும் கண் வைத்த கதையைச் சொன்னாள். அவன் சிரித்தான். கெக்கெக்கே என்று, சின்ன வயதில் சிரிப்பானே, அப்படி. அவளும் சிரித்தாள். படிக்கட்டில் ஏறி வந்த யாரோ ஒதுங்கிப் போனார்கள். அந்த ஒரு நிமிடம் அவள் சந்தோஷமாக இருந்தாள், அதைக் குறைத்துச் சொல்ல நான் யார்?

"சம்மதம் என்னக்கா சம்மதம், இப்பவே எழுதி அனுப்பறேன். பேரு போடுவாங்களா?"

"கடைசியில ஓடும்ல, அதுல போடச் சொல்றேன்."

"போதும். அப்புறம் அக்கா..."

வந்துவிட்டது என்று நினைத்தாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அந்த முகத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பறியா? பாக்கணும்போல இருக்கு. எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

அவள் விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டாள்: "எந்த முகம்டா? இப்ப இருக்கறதா, படத்துல இருக்கறதா?"

"படத்துல இருக்கறதுதான்க்கா" என்றான் உடனே, யோசிக்காமல், கேள்வியில் இன்னொரு கேள்வி இருப்பது தெரியாமல். "சரிக்கா, ஆளு நிக்கறாங்க. வச்சிடறேன். உடனே அனுப்பு, என்ன?"

போன் அணைந்தது. அவன் கெட்டவன் இல்லை. அதைத்தான் அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டாவது எழுந்து போயிருக்கலாம்.

இருக்கைக்குத் திரும்பினாள். முந்தின நாள் வெட்டி ஒதுக்கிய துண்டு தனிக் கோப்பில் அப்படியே இருந்தது: இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய், சுற்றிலும் ஒன்றுமில்லை. அதை அனுப்ப மனம் வரவில்லை. முழுப் படத்திலிருந்து முகத்தைக் கத்தரித்து அனுப்பினாள். சம்மதக் கடிதம் அதற்குள் வந்துவிட்டிருந்தது, கம்பெனித் தாளில், கம்பெனி முத்திரையோடு. மாடல் எழுந்து நின்று கைதட்டினாள். "பாத்தீங்களா, ஒரு போன்தான்!"

"ஆமா" என்றாள் அக்கா.

சற்று நேரத்தில் தம்பியின் செய்தி வந்தது. "கண்ணு பரவால்ல. மூக்குக்கு ரெண்டு பக்கமும் நிழல் கொஞ்சம் கூடிப்போச்சு."

படித்தாள். மறுபடி படித்தாள். கை தன்னால் மூக்கின் ஓரத்துக்குப் போயிற்று. அங்கே தொடங்கி வாய்வரை இறங்கும் கோடு, எந்தத் தூரிகையும் வைக்காதது, விரலுக்குத் தட்டுப்பட்டது. பதில் எழுதினாள்:

"இப்ப இன்னும் கூடியிருக்குடா."

அவன் பார்த்துவிட்டான் என்று திரை காட்டியது. ஏதோ எழுதுகிறான் என்றும் காட்டியது. அவள் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். வந்தது, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் ஒரு மஞ்சள் முகம். அக்கா நல்ல ஜோக் அடித்தாள் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.